நெஃப்ரான்: 180 லிட்டர் எப்படி ஒன்றரை லிட்டர் ஆகிறது? முதலாண்டு நர்சிங் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டப்படுகிறது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. உடம்பில் இருக்கும் ரத்தமே ஐந்து லிட்டர்தானே?

அதே ரத்தம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் நேராக இரண்டு சிறுநீரகங்களுக்கும் போய்விடுகிறது. கைப்பிடி அளவுள்ள இரண்டு உறுப்புகளுக்கு இது மிகப் பெரிய பங்கு. அந்த ரத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, ஏறத்தாழ 625 மி.லி., பிளாஸ்மா. அந்தப் பிளாஸ்மாவிலும் ஐந்தில் ஒரு பங்குதான் வடிந்து நெஃப்ரானுக்குள் விழும். மீதி நான்கு பங்கு வந்த வழியைத் தொடர்ந்து ரத்தத்தோடேயே போய்விடும்.

625-இல் ஐந்தில் ஒன்று 125. நிமிடத்துக்கு 125 மி.லி. என்றால் 60-ஆலும் 24-ஆலும் பெருக்கிப் பாருங்கள், 180 லிட்டர் வந்துவிடும். இந்த 125-தான் ஜி.எஃப்.ஆர்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தால் பயம் தெளியும். ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், இரண்டுக்கும் சேர்த்து 20 லட்சம். 180 லிட்டரை அத்தனைக்கும் பங்கிட்டால் ஒரு நெஃப்ரானுக்கு நாளைக்கு 0.09 மி.லி. கிடைக்கும். ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் இது இரண்டு சொட்டுகூடத் தேறாது. ஒரு நாள் முழுக்க ஒரு நெஃப்ரான் பார்க்கும் வேலை அவ்வளவுதான்.

ரத்தத்தைச் சிறுநீரகம் உறிஞ்சி வடிகட்டுகிறதா, இல்லை இதயம் தள்ளுவதால் வடிகிறதா?

தள்ளுவதால்தான். கிளாமருலஸில் உறிஞ்சும் பம்பு எதுவும் கிடையாது. அது வெறும் தந்துகிச் சுருள். ஆனால் உடம்பின் மற்ற தந்துகிகளைப் போல அது தமனியில் தொடங்கிச் சிரையில் முடிவதில்லை. உள்ளே வருவதும் நுண்தமனி, வெளியே போவதும் நுண்தமனி. உட்செல் நுண்தமனி அகலமானது, வெளிச்செல் நுண்தமனி குறுகலானது. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறுவது போல, கிளாமருலஸுக்குள்ளும் அழுத்தம் உயர்ந்தே நிற்கிறது. மற்ற தந்துகிகளில் இருப்பதைவிட இங்கே அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

பாடப்புத்தகக் கணக்குப்படி ரத்தம் வெளியே தள்ளும் அழுத்தம் 55 மி.மீ. பாதரசம். இதை இரண்டு சக்திகள் எதிர்க்கின்றன. ரத்தத்திலேயே தங்கிவிடும் புரதங்கள் தண்ணீரைத் தம் பக்கம் இழுக்கும் விசை 30. பௌமானின் கிண்ணத்தில் ஏற்கெனவே நிற்கும் திரவம் திருப்பித் தள்ளுவது 15. 55-இல் 45 போனால் மிஞ்சுவது 10. நாள் முழுக்க 180 லிட்டர் வடிவது இந்தப் பத்தின் பலத்தில்தான்.

இந்த மூன்று எண்களில் எது அசைந்தாலும் வடிகட்டல் மாறும். ரத்த அழுத்தம் விழுந்தால் 55 குறைகிறது. கல்லோ வீங்கிய புராஸ்டேட்டோ வழியை அடைத்தால் சிறுநீர் பின்னுக்குத் தேங்கி அந்த 15 ஏறுகிறது. அடைப்பு கீழே எங்கோ இருக்க, வடிகட்டல் மேலே ஏன் நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ரத்த அழுத்தம் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் இது தடுமாறாது. சராசரித் தமனி அழுத்தம் ஏறத்தாழ 80-க்கும் 180-க்கும் நடுவில் இருக்கும் வரை, உட்செல் நுண்தமனி தானே சுருங்கியும் விரிந்தும் சமாளித்துக்கொள்ளும். 80-க்குக் கீழே போனால்தான் சிக்கல். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கடைசியில் ஒரு நோயாளியைப் பார்க்கும்போது தேவைப்படும்.

சர்க்கரை வடிகிறது, உப்பு வடிகிறது. ஆல்புமின் மட்டும் ஏன் வடிவதில்லை?

சல்லடை மூன்று அடுக்கு. முதலில் துளைகள் கொண்ட தந்துகிச் சுவர். இது ரத்த அணுக்களை மட்டும் நிறுத்தும். அடுத்து அடித்தள சவ்வு. கடைசியாகப் போடோசைட் செல்கள், இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொண்டது போல ஒன்றோடொன்று பின்னிக் குறுகிய இடைவெளி மட்டும் விட்டு நிற்பவை.

ஆல்புமின் அளவில் எல்லைக்கோட்டில் நிற்கும் மூலக்கூறு. அளவை மட்டும் பார்த்தால் கொஞ்சமாவது நுழைந்திருக்கும். ஆனால் சல்லடைக்கு எதிர்மின் ஏற்றம் உண்டு, ஆல்புமினுக்கும் எதிர்மின் ஏற்றம். ஒன்றை ஒன்று விரட்டுவதால் அது ரத்தத்திலேயே நின்றுவிடுகிறது. தப்பித் தவறி வடியும் சிறிதளவையும் அடுத்த பகுதி பிடித்துக்கொள்ளும்.

போடோசைட்டுகள் கெட்டுப்போனால் ஆல்புமின் கொட்ட ஆரம்பிக்கும். சிறுநீர் நுரைத்து, நுரை அடங்காமல் நிற்கும். டிப்ஸ்டிக்கில் புரதம் காட்டும். ரத்தத்தில் ஆல்புமின் குறைவதால் தண்ணீரைப் பிடித்துவைக்க ஆளில்லாமல் காலையில் கண்ணிமை வீங்கும், மாலையில் கால் வீங்கும்.

வடிந்ததில் சர்க்கரை இருக்கிறது என்கிறீர்கள். பிறகு சிறுநீரில் ஏன் சர்க்கரை இல்லை?

அண்மைச் சுருள் நுண்குழல் அதை முழுவதும் திருப்பி எடுத்துவிடுகிறது. நெஃப்ரானில் உழைப்பு மிகுந்த இடம் இதுதான். உப்பிலும் தண்ணீரிலும் ஏறத்தாழ 65 சதவீதம் இங்கேயே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். 180 லிட்டர் இந்த இடத்தைத் தாண்டும்போது 63 லிட்டராகிவிடுகிறது.

வேலை நடக்கும் விதம் எளிது. குழல் செல்லின் பின்பக்கத்தில், ரத்தம் ஓடும் பக்கத்தில், சோடியத்தை வெளியே தள்ளும் பம்பு ஓயாமல் ஓடுகிறது. அதனால் செல்லுக்குள் சோடியம் குறைவாகவே இருக்கும். குழலில் உள்ள சோடியம் அந்தப் பள்ளத்தை நோக்கிப் பாய்கிறது. பாயும்போது குளுக்கோஸையும் அமினோ அமிலத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. உப்பு போன இடத்துக்குத் தண்ணீர் தானாகப் பின்தொடரும். ஆக, காசு செலவாவது சோடியம் பம்புக்கு மட்டும். மற்றவர்கள் எல்லாம் ஓசிப் பயணம்.

ஆனால் குளுக்கோஸை ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கு எண்ணிக்கை உண்டு. ரத்தச் சர்க்கரை 100 மி.கி./டெ.லி. என்றால் ஒவ்வொரு மி.லி. திரவத்திலும் 1 மி.கி. இருக்கும். நிமிடத்துக்கு 125 மி.லி. வடிவதால் 125 மி.கி. வந்து சேரும். வண்டிகள் எல்லாம் நிரம்பினால் நிமிடத்துக்குச் சுமார் 375 மி.கி. வரை ஏற்ற முடியும் என்பதால் 125-ஐ அலட்டிக்கொள்ளாமல் எடுத்துவிடும்.

கணக்குப்படி 300-ஐத் தாண்டினால்தான் சர்க்கரை வழிய வேண்டும். நடைமுறையில் 180-ஐத் தாண்டும்போதே சிறுநீரில் தெரிய ஆரம்பிக்கிறது. காரணம், எல்லா நெஃப்ரான்களும் ஒரே திறமை உள்ளவை அல்ல. சில முன்னதாகவே நிரம்பி வழியும். வழிந்த சர்க்கரை தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைக்கும், அது உறிஞ்சப்படாமல் வெளியே வரும். கட்டுக்கடங்காத சர்க்கரை நோயாளி இரவில் நாலைந்து தடவை எழுந்து போவதும் தாகம் தாகம் என்று தவிப்பதும் இதனால்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றை வேண்டுமென்றே நிறுத்திவைப்பவை. அதைச் சாப்பிடுபவரின் ரத்தச் சர்க்கரை 120-ஆக இருந்தாலும் சிறுநீரில் சர்க்கரை நிறையக் காட்டும். சோதனை தப்பு என்று சீட்டைத் தூக்கிப் போடாமல், முதலில் மருந்துப் பட்டியலைப் பாருங்கள்.

ஹென்லே வளைவுதான் எனக்குப் புரியவே இல்லை. அது எதற்கு அவ்வளவு ஆழம் போய்த் திரும்பி வர வேண்டும்?

புரியாததற்குக் காரணம், அது சிறுநீரைக் கெட்டியாக்குகிறது என்று சொல்லிக்கொடுப்பது. உண்மையில் வளைவை விட்டு வெளியேறும் திரவம், உள்ளே நுழைந்ததைவிட நீர்த்துப் போயிருக்கும்! வளைவு செய்யும் வேலை வேறு. சுற்றியுள்ள இடத்தை, அதாவது சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லாவை, உப்பாக்கி வைப்பதுதான் அதன் பொறுப்பு.

இறங்கும் கிளை தண்ணீரை மட்டும் விடும், உப்பைப் பெரிதாக விடாது. ஏறும் கிளை நேர்மாறு: உப்பை வெளியே இறைக்கும், தண்ணீரை விடவே விடாது. ஏறும் கிளை வெளியே கொட்டிய உப்பு பக்கத்தில் இருக்கும் இறங்கும் கிளையிலிருந்து தண்ணீரை இழுக்கும். அதனால் இறங்கி வரும் திரவம் செறிவாகி, அடியில் திரும்பி, ஏறும் கிளைக்கு இன்னும் உப்பான சரக்காக வந்து சேரும். அது மறுபடி இறைக்கும். இந்தச் சுற்று ஓட ஓட, அடிக்குப் போகப் போக உப்பு கூடிக்கொண்டே போகிறது. யூரியாவும் அங்கே தங்கிக் கை கொடுக்கிறது. மேலே புறணியில் செறிவு 300 மில்லிஆஸ்மோல், ஆழத்தில் 1200 வரை.

63 லிட்டர் இந்த வளைவைத் தாண்டும்போது ஏறத்தாழ 36 லிட்டராகிறது.

ஃபுரோஸமைடு ஊசி போட்டதும் யூரின் பேக் ஏன் அவ்வளவு சீக்கிரம் நிறைகிறது என்று இப்போது உங்களுக்கே தெரியும். அந்த மருந்து ஏறும் கிளையின் இறைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிடுகிறது. மெடுல்லாவின் உப்பு கரைந்துபோகும், பின்னால் தண்ணீரை இழுக்க விசை இருக்காது. வழக்கத்துக்கு மேல் சோடியம் சேய்மைப் பகுதிக்குப் போய்ச் சேர, அதைப் பிடிக்கும் முயற்சியில் பொட்டாசியம் வெளியேறிவிடும். ஃபுரோஸமைடு போட்ட நோயாளிக்குப் பொட்டாசியம் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

உப்பான மெடுல்லாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏ.டி.எச். எங்கே வருகிறது?

கடைசியில் வரும் சேகரிப்பு நாளம் அந்த உப்பு மண்டலத்துக்குள் நுழைந்துதான் கீழே இறங்கியாக வேண்டும். வெளியே உப்பு, உள்ளே நீர்த்த திரவம். நாளத்தின் சுவரில் வழி இருந்தால் தண்ணீர் தாவி ஓடிவிடும். வழி வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஏ.டி.எச்.

உடம்பில் தண்ணீர் குறைந்து ரத்தம் செறிவாகும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்து, பிட்யூட்டரி வழியாக ஏ.டி.எச்.-ஐ விடுகிறது. நாளத்தின் செல்களுக்குள் காத்திருக்கும் அக்வாபோரின் என்ற தண்ணீர்க் குழாய்கள் சுவருக்கு வந்து பொருந்திக்கொள்கின்றன. தண்ணீர் ரத்தத்துக்குப் போய்விட, சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகும். நிறையத் தண்ணீர் குடித்தால் ஏ.டி.எச். அடங்கும், குழாய்கள் உள்ளே திரும்பும், சிறுநீர் பச்சைத் தண்ணீர் போல வரும்.

சாதாரணமாக 36 லிட்டரை ஒன்றரை லிட்டராக்குவது இந்த இறுதிக்கட்டம். இங்கே உப்பைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவைப்பது அல்டோஸ்டிரோன்.

எவ்வளவு தண்ணீரைச் சேமித்தாலும் ஒரு எல்லை உண்டு. ஒரு பெரியவர் நாளைக்குக் கழிக்க வேண்டிய கழிவுகளும் உப்பும் சேர்ந்து சுமார் 600 மில்லிஆஸ்மோல். ஒரு லிட்டரில் அதிகபட்சம் 1200-தான் ஏற்ற முடியும். அப்படியென்றால் குறைந்தது அரை லிட்டர் சிறுநீர் போயே தீர வேண்டும். ஆலிகூரியா என்பதற்கு 400 அல்லது 500 மி.லி. என்று புத்தகங்கள் கோடு போடுவதன் பின்னால் இருக்கும் கணக்கு இது.

சுரத்தல் என்று மூன்றாவதாக ஒன்று சொல்கிறார்களே?

வடிகட்டலில் தப்பிய சிலவற்றைக் குழல் செல்கள் ரத்தத்திலிருந்து எடுத்து நேரடியாகக் குழலுக்குள் போடுவது. ஹைட்ரஜன் அயனி, பொட்டாசியம், பென்சிலின் போன்ற மருந்துகள் இந்த வழியில் போகின்றன. சிறுநீரகம் கெட்டவர்களுக்குப் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறுவதில் இதன் பங்கு பெரிது. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

கிளினிக்கல் போஸ்டிங்கில் ஒரு நோயாளிக்கு மணிக்கு 12 மி.லி.தான் சிறுநீர் வந்தது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பயந்துவிட்டேன். உள்ளே என்னதான் நடக்கிறது?

நீங்கள் எழுதி அனுப்பிய விவரப்படி அவர் 60 கிலோ எடை, இரண்டு நாள் வாந்தி பேதி, ரத்த அழுத்தம் 90/60, நாடி 118. எடைக்குக் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. என்று பார்த்தால் குறைந்தது 30 வர வேண்டும். வந்தது 12.

எதையும் யோசிக்கும் முன் கதீட்டரைப் பாருங்கள். குழாய் உடம்புக்கு அடியில் மடங்கியிருக்கிறதா, பேக் மூத்திரப்பைக்குக் கீழே தொங்குகிறதா, அடிவயிறு கல் போல உப்பியிருக்கிறதா? நான் படித்த காலத்தில் ஒரு இரவு முழுக்க 'அவுட்புட் இல்லை' என்று சார்ட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். விடியற்காலையில் சீனியர் சிஸ்டர் வந்து நோயாளியின் தொடையைத் தூக்கிக் குழாயை நீட்டியதும் முக்கால் லிட்டர் இறங்கியது. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

உங்கள் நோயாளிக்குக் குழாய் சரியாகவே இருந்திருக்கிறது. சரி, 90/60-க்குச் சராசரி அழுத்தம் போடுவோம். கீழெண்ணை இரண்டால் பெருக்கி, மேலெண்ணைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் 70. எல்லை 80. உட்செல் நுண்தமனி தன்னால் ஆனமட்டும் விரிந்தும் போதவில்லை, அந்த 55 இறங்கிவிட்டது. நிகரமாக மிஞ்சுவதே 10-தான் என்பதால் சில மி.மீ. இறங்கினாலே வடிகட்டல் வெகுவாகக் குறையும்.

உடம்பு சும்மா இருக்காது. ரெனின் கிளம்பி ஆஞ்சியோடென்சின் உருவாகும். அது வெளிச்செல் நுண்தமனியை இன்னும் இறுக்கும், அதாவது குழாய் வாயில் விரலை மேலும் அழுத்தும், அதனால் உள்ளே அழுத்தம் கொஞ்சமாவது நிற்கும். அல்டோஸ்டிரோன் உப்பைப் பிடிக்கும், ஏ.டி.எச். தண்ணீரைப் பிடிக்கும். வடிந்ததே குறைவு, அதிலும் கிடைத்ததையெல்லாம் திருப்பி எடுத்தால் பேக்கில் விழுவது 12 மி.லி. கெட்டியான மஞ்சள் திரவம்தான். அந்தச் சிறுநீரின் ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 1.030 என்று எழுதியிருந்தீர்கள், அதாவது நன்றாகவே கெட்டியாகியிருக்கிறது. அவருடைய நெஃப்ரான்கள் கெட்டுப்போகவில்லை. உயிரைக் கொடுத்து வேலை பார்க்கின்றன.

ஆனால் இதை இப்படியே விடவும் முடியாது. மணிக்கு 12 என்றால் நாளைக்கு 288 மி.லி. மிகக் கெட்டியாக ஏற்றினாலும் அது சுமக்கக்கூடியது சுமார் 346 மில்லிஆஸ்மோல். 600-இல் மீதி ரத்தத்திலேயே தங்கும். யூரியா ஏறுவது இப்படித்தான்.

அவர் வலிக்கு டைக்ளோஃபெனாக் எடுத்தாரா, ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் எடுக்கிறாரா என்று கேட்டீர்களா? முதலாவது, உட்செல் நுண்தமனி விரிவதைத் தடுக்கும். இரண்டாவது, வெளிச்செல் நுண்தமனி இறுகுவதைத் தடுக்கும். உடம்பு வைத்திருக்கும் இரண்டு தற்காப்பையும் நாமே பறித்தது போலாகிவிடும். அடுத்த வேளை மருந்தைக் கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் இது.

அப்படியானால் உண்மையிலேயே குழல் கெட்டுப்போனதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

டிரிப் ஏறியதும் என்ன ஆகிறது என்பதை வைத்து. உங்கள் நோயாளிக்கு டாக்டர் சொன்னபடி சலைன் ஏறி அழுத்தம் 112/70 ஆனதும் மூன்றாவது மணியில் 35 மி.லி. வந்திருக்கிறது. குழல் நன்றாக இருந்ததற்கு அதுவே சாட்சி.

ரத்த ஓட்டக் குறைவு நீடித்திருந்தால் கதை மாறியிருக்கும். முதலில் சாவது அண்மைக் குழலும் ஏறும் கிளையின் தடித்த பகுதியும்தான், ஏனென்றால் ஓயாமல் பம்பு ஓட்டுவதால் ஆக்ஸிஜன் அதிகம் வேண்டியவை அவைதான். அவை போனால் உப்பைத் திருப்பி எடுக்க ஆளில்லை, மெடுல்லாவை உப்பாக்கவும் ஆளில்லை. அப்போது வடிந்தது வடிந்தபடியே வெளியே வரும். ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 1.010-இல், பிளாஸ்மாவின் வடிதிரவத்துக்குச் சமமாக, அசையாமல் நிற்கும். நோயாளி வறண்டு கிடந்தாலும் 1.010, டிரிப் ஏறிய பிறகும் 1.010. சிறுநீர்ச் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிஈக்விவலென்டுக்குக் கீழே இருந்திருக்க வேண்டியது 40-ஐத் தாண்டும். நுண்ணோக்கியில் உதிர்ந்த செல்கள் சேற்றுப் பழுப்பு நிற உருளைகளாகத் தெரியும். ஃபுரோஸமைடு முன்பே போட்டிருந்தால் மட்டும் சோடியத்தை நம்ப வேண்டாம், மருந்தே அதை ஏற்றிவிடும்.

அதனால் சார்ட்டில் '12 மி.லி.' என்று எழுதும்போது பக்கத்தில் நிறத்தையும் ஸ்பெசிஃபிக் கிராவிட்டியையும் அந்த நேரத்து ரத்த அழுத்தத்தையும் எழுதிவிடுங்கள். அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கு வெறும் 12-ஐ வைத்துக்கொண்டு எதையும் பிரித்துப் பார்க்க முடியாது.